உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, கூடவே தொண்டை வலி: குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்

பெரம்பூர்: 6 வயசுப் பொண்ணு, 20 கிலோ. நேத்துல இருந்து காய்ச்சல், தொண்டை வலி. கன்னம் செவந்திருக்கு, உடம்பு சொரசொரன்னு இருக்கு. வேர்க்குருவா டாக்டர்?

வேர்க்குருவுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வராதும்மா. மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் கண்ணைவிடக் கையை நம்புங்கள். வயிறு, முதுகில் தடவினால் உப்புத்தாள் போல உரசுகிறதா? கன்னம் சிவந்து, வாயைச் சுற்றி மட்டும் வெளுத்திருக்கிறதா? அக்குள், முழங்கை மடிப்புகளில் கோடு கோடாக அடர்ந்திருக்கிறதா? ஆமென்றால் ஸ்கார்லெட் காய்ச்சலாக இருக்கலாம். மருந்து தொடங்கும் முன் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கவேண்டும். இன்றே நேரில் காட்டுங்கள்.

ராயபுரம்: எங்க வீட்டுக் குழந்தைக்கும் இதே சொரசொரப்புதான். மாமியார் அம்மைன்னு சொல்லி வேப்பிலை வெச்சுட்டாங்க. மருந்தே கூடாதாம்.

வேப்பிலை இருக்கட்டும், மருந்தையும் கொடுங்கள். சின்னம்மையில் நீர்க்கொப்புளம் வரும். மணல்வாரியில் இருமல், சளி, கண் சிவப்பு முன்னே வரும். ஸ்கார்லெட் காய்ச்சலில் வரும் சொரசொரப்புக்குக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு.

வேளச்சேரி: தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ்தான் சார். தானே போயிடும். ஆண்டிபயாடிக் எதுக்கு?

வெறும் தொண்டை வலிக்கு நீங்கள் சொல்வது சரி. இந்தச் சொரசொரப்பு சேர்ந்தால் கணக்கு மாறுகிறது. இதுவும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே அடங்கும்தான். ஆனால் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடலின் தற்காப்பு, சில வாரங்கள் கழித்து இதய வால்வையே தாக்கலாம். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். அதைத் தடுக்கத்தான் ஆண்டிபயாடிக்.

ராயபுரம்: தானா அடங்கும்னா மாமியார் சொன்னது சரிதானே?

காய்ச்சல் விஷயத்தில் சரி. வால்வு விஷயத்தில் இல்லை.

வேளச்சேரி: 9 நாளுக்குள்ள ஆரம்பிச்சா போதும்னு படிச்சேன். ரெண்டு நாள் பார்க்கலாமே?

இதயத்துக்கு அந்த 9 நாள் கணக்கு சரி. பரிசோதனை முடிவுக்காக ஓரிரு நாள் காத்திருப்பதில் தவறில்லை. ஆனால் அதுவரை வகுப்புக்கே பரவும், தொண்டையில் சீழும் கட்டலாம்.

வேளச்சேரி: நான் இன்னும் ஒத்துக்கலை.

சரி. அடுத்தவர்.

அம்பத்தூர்: என் பையனும் 20 கிலோ. அமாக்ஸிசிலின் மூணே நாள்ல தீர்ந்துடுச்சு, காய்ச்சலும் இல்ல. கோர்ஸ் முடிஞ்சுதா?

பாட்டில்தான் முடிந்தது. கிலோவுக்கு 50 மி.கி. என்றால் அவனுக்கு நாளைக்கு 1000 மி.கி. 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப்பில் அது 20 மில்லி. 60 மில்லி பாட்டில் 3 நாள்தான் வரும். 10 நாளுக்கு 200 மில்லி, அதாவது நான்கு பாட்டில். எல்லாவற்றையும் ஒரே நாளில் கலக்காதீர்கள், கலந்தது பல நாள் தாங்காது. காய்ச்சல் விட்டாலும் தொண்டையில் கிருமி மிச்சம் இருக்கும். பென்சிலின் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு வேறு மருந்து, டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தாம்பரம்: ஸ்கூலுக்கு எப்போ அனுப்பலாம்?

மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆகி, காய்ச்சலும் விட்ட பிறகு.

கொளத்தூர்: மூத்தவனுக்கு லேசா தொண்டை கரகரப்பு. மீந்த சிரப்பைக் கொடுக்கட்டுமா?

மீந்ததே தப்பு. மேலே அம்பத்தூருக்குச் சொன்னதைப் படியுங்கள். மூத்தவனைத் தனியே காட்டுங்கள்.

அடையாறு: ரெண்டாவது வாரம், விரல் நுனியில தோல் உரியுது. பயமா இருக்கு.

இந்த நோயில் அது வழக்கம்தான். ஆனால் காய்ச்சல் 5 நாள் நீடித்து, கண்ணும் உதடும் சிவந்திருந்தால் அது கவாசாகி நோயாக இருக்கலாம், உடனே காட்டவேண்டும். இன்னொன்று: ஆண்டிபயாடிக் இதயத்தைக் காக்கும் அளவுக்குச் சிறுநீரகத்தைக் காக்கும் என்று உறுதி கிடையாது. அடுத்த சில வாரம் காலையில் முகம் வீங்கினாலோ, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனாலோ அன்றே வாருங்கள்.