பதினோரு பக்கம், ஒரே அட்டவணை

கேள்வி: ஸ்கேன் செய்த வங்கிக் கணக்கு அறிக்கையை எக்செல்லில் From PDF வழியாகத் திறந்தேன். ஓர் அட்டவணைகூட வரவில்லை. எக்செல் பழுதா? – வாசகர், கரூர்

பதில்: பழுதில்லை. உங்கள் கோப்பில் இருப்பது எழுத்தல்ல, படம். படத்திலுள்ள எழுத்துகளைப் படித்து எழுத்தாக மாற்றும் ஓசிஆரை முதலில் செய்யுங்கள்.

கேள்வி: ஓசிஆர் செய்த 11 பக்கங்களையும் எக்செல்லில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு வரி திரும்ப வருகிறது. வங்கி பிடித்த கட்டணங்களைக் கூட்டிப் புகார் கொடுக்க வேண்டும். – வாசகி, திருச்சி

பதில்: எதையும் நீக்குவதற்கு முன் இடப்புறம் இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்து, A-இல் தொடர் எண்ணும் B-இல் பக்க எண்ணும் இடுங்கள். பிறகு தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு ஆகியவை C முதல் G வரை அமையும். தலைப்புச் சொல்லைத் தேடி நீக்க முயல வேண்டாம். ஓசிஆர் ஒரு பக்கத்தில் Balance என்றும் இன்னொரு பக்கத்தில் Ba1ance என்றும் படித்திருக்கும். பற்றிலும் வரவிலும் எத்தனை எண்கள் உள்ளன என்று எண்ணுவதே நம்பகமான வழி. வெற்றுக் கட்டங்களில் 0.00 அச்சாகியிருந்தால் அதை முதலில் அழித்துவிடுங்கள். பிறகு H2-இல் இதை இட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNT(E2:F2)
```

உண்மையான நடவடிக்கை வரிக்கு விடை 1 வரும். 2 வந்தால் அது பெரும்பாலும் பக்கக் கூட்டுத்தொகை; தாளைப் பார்த்து உறுதிசெய்து நீக்குங்கள். 0 வரும் வரிகளை வடிகட்டி ஒவ்வொன்றாகப் பாருங்கள். தலைப்பு வரியையும், முந்தைய பக்க இருப்பை மீண்டும் சொல்லும் B/F வரியையும் நீக்கலாம். முதல் பக்கத்தின் B/F மட்டும் தொடக்க இருப்பாக 2ஆம் வரியில் இருக்கட்டும். முந்தைய பக்கத்தில் தொடங்கிய விவரத்தின் மிச்சம் தனி வரியாக வந்திருந்தால் அதை மேல்வரியோடு சேருங்கள். தொகையில் 1-க்குப் பதில் l விழுந்து எண்ணே எழுத்தாகிவிட்ட வரியும் இங்கேதான் அகப்படும். அதைத் திருத்த வேண்டுமே தவிர நீக்கக் கூடாது.

அதன்பின் வடிகட்டலை எடுத்துவிட்டு, I நெடுவரிசையில் 3ஆம் வரியிலிருந்து இதை இழுத்து நிரப்புங்கள்:

```
=ROUND(G2-E3+F3-G3,2)
```

எல்லா வரியிலும் 0 வர வேண்டும். 6ஆம் பக்கம் 18,420 ரூபாய் இருப்போடு முடிகிறது என்றும், 7ஆம் பக்கத்தின் முதல் வரியில் 1,000 பற்றும் 16,830 இருப்பும் உள்ளன என்றும் வைத்துக்கொள்வோம். சூத்திரம் 590 என்று காட்டும். 500 ரூபாய்க் கட்டணமும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்த தொகை அது. தலைப்போடு சேர்ந்து அழிந்துபோன வரி அதுவாகத்தான் இருக்கும். தாளைப் பார்த்து அதைத் திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: பல பக்க அட்டவணையை இணைப்பதாகச் சொன்ன மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். பக்கத்துக்கு ஒரு ஷீட்டாகப் பிரித்துத் தருகிறது. முன்னோட்டத்தில் நன்றாகத்தான் இருந்தது. – வாசகர், ஈரோடு

பதில்: முன்னோட்டத்தில் எத்தனை பக்கம் கொடுத்துப் பார்த்தீர்கள்? ஒரே பக்கம் என்றால் நீங்கள் சோதித்துப் பார்க்கவே இல்லை. இணைப்பின் குறை தெரிவது இரண்டாம் பக்கத்தின் முதல் வரியில்தான். அந்தப் பக்கத்தைத்தான் இலவச முன்னோட்டம் பூட்டி வைக்கிறது. எனக்கு இதில் நெடுநாள் ஆத்திரம் உண்டு. நானும் இப்படியொரு சந்தாவைக் கட்டி, 40 பக்கக் கணக்கு அறிக்கையில் 39 தலைப்புகளைக் கையால் அழித்தேன். அந்த மென்பொருள் ஒவ்வொரு பக்கத்துக்கும் நெடுவரிசைகளைப் புதிதாகக் கணித்ததால், வரவுத் தொகை எதுவும் இல்லாத பக்கத்தில் வரவு நெடுவரிசையே மறைந்து, இருப்பு அதன் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. விற்பவர் மூன்று பக்கங்களையாவது, அதுவும் உங்கள் தாளிலேயே, செய்து காட்டாவிட்டால் பணம் கட்டாதீர்கள். விளம்பர வாசகத்தைப் படமெடுத்து வைத்து, எழுத்துவழியில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேள்வி: தட்டச்சு நிலையத்தில் 600 ரூபாய் கொடுத்து அட்டவணையை இணைத்தேன். அவர்கள் Remove Duplicates போட்டதில், ஒரே நாளில் இருமுறை பிடித்த கட்டணம் ஒன்றாகிவிட்டது. வங்கியிலோ "நீங்கள் கொடுத்த பட்டியலிலேயே ஒன்றுதானே இருக்கிறது" என்கிறார்கள். – வாசகி, சேலம்

பதில்: தவறு உங்களுடையதல்ல, அம்மா. இருப்பு நெடுவரிசையைச் சேர்க்காமல் தேதி, விவரம், தொகை ஆகிய மூன்றை மட்டும் ஒப்பிட்டிருக்கிறார்கள். இருப்பையும் சேர்த்திருந்தால் அவ்விரண்டு வரிகளும் வேறுவேறு என்று எக்செல்லுக்கே தெரிந்திருக்கும். மூல ஸ்கேனில் அந்த இரு வரிகளையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் உள்ள இருப்பைச் சுட்டிக்காட்டி, திருத்திய பட்டியலைப் பக்க எண்ணோடு புதிய கடிதமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in வழியாக எழுதலாம். அப்போதும் ஸ்கேன், பட்டியல், ஒப்புகை ஆகிய மூன்றையும் இணையுங்கள். 600 ரூபாயைத் திருப்பித் தரும்படி நிலையத்தாரிடம் தயங்காமல் கேளுங்கள்.