கிளையன்ட் திருத்தம் கேட்டால் கதையின் கருவைக் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி: காது கேட்கும் கருவிக்கு 60 நொடி விளம்பர ஸ்கிரிப்ட் எழுதினேன். வீட்டில் எல்லோரும் சிரித்த பிறகு, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் தாத்தா, கருவி வந்ததும் முதல் ஆளாகச் சிரிக்கிறார். இதுதான் கதை. கருவியை முதல் காட்சியிலேயே காட்டணும், புளூடூத், பேட்டரி, வாரண்டி எல்லாம் சொல்லணும் என்கிறார் கிளையன்ட். அதையெல்லாம் செய்தால் கதை மிஞ்சாது. என்ன செய்ய?

பதில்: ஸ்கிரிப்டைத் தொடுவதற்கு முன் கிளையன்டுக்கு ஒரே ஒரு வரி அனுப்புங்கள்: 'கடைசியாகச் சிரித்தவர் முதலில் சிரிக்கிறார், இதை வைத்துக்கொள்கிறோம் அல்லவா?' அவர் சரி என்றால், இனி ஒவ்வொரு திருத்தத்தையும் அந்த வரியோடு வைத்துப் பார்க்கலாம். வேண்டாம் என்றால் அது திருத்தமே அல்ல, புது ஸ்கிரிப்ட். நேரத்தையும் சம்பளத்தையும் அப்போதே பேசிவிடுங்கள்.

கிளையன்ட் பெரும்பாலும் பிரச்சினையைச் சொல்வதில்லை, தனக்குத் தோன்றிய தீர்வைச் சொல்வார். கருவியை முதலிலேயே காட்டினால் தாத்தாவிடம் வரும் மாற்றம் தெரியாமல் போகும், கதை அங்கேயே முடிந்துவிடும். அதற்காக உடனே மறுக்காதீர்கள். 'முதலில் காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?' என்று போனில் கேளுங்கள். 'எதற்கான விளம்பரம் என்று புரியாமல் பார்ப்பவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார்' என்று பதில் வரலாம். அந்தப் பயம் நியாயமானது. அதற்குக் கருவி தேவையில்லை, காது கேட்கவில்லை என்பது உடனே தெரிந்தால் போதும். முதல் காட்சியில் பேத்தி இரண்டு முறை 'தாத்தா' என்கிறாள். அவர் திரும்பவில்லை. அப்புறம் தோளைத் தொடுகிறாள், திரும்புகிறார். சில நொடிகளில் விஷயம் புரிந்துவிடும். கருவி அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

புளூடூத்தைக் கதைக்குள் கொண்டுவரலாம். கருவி போட்ட பிறகு பேத்தி போனில் ஒரு ஜோக் சொல்கிறாள். குரல் நேராக அவர் காதுக்குப் போகிறது, அறையில் அவர் மட்டும் சிரிக்கிறார், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். கரு இன்னும் கூர்மையாகிவிட்டது பாருங்கள். சில திருத்தங்களுக்கு இப்படியொரு பலன் உண்டு. அதனால் எதையும் படித்தவுடன் எரிச்சலில் பதில் எழுதாமல் ஒரு ராத்திரி கழித்து எழுதுவது நல்லது.

பேட்டரியும் வாரண்டியும் கதைக்குள் வேண்டாம், கடைசித் திரையில் எழுத்தாக வரட்டும். வசனத்தில் சேர்த்தே ஆகவேண்டும் என்றால், முழு ஸ்கிரிப்டையும் நடிகர் பேசும் வேகத்தில் சத்தமாகப் படித்து, மௌனங்களையும் சேர்த்து ஸ்டாப்வாட்சில் பாருங்கள். 70 நொடி வந்தால், 'இதைச் சேர்க்க எந்தக் காட்சியை எடுக்கலாம்?' என்று கிளையன்டிடமே கேளுங்கள். சேர்க்கச் சொல்பவர் வெட்டவும் வேண்டும் என்று வரும்போது, பல திருத்தங்கள் தானாகவே விலகிவிடும்.

இரண்டாவது வரைவோடு அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வையுங்கள்: எதை மாற்றினேன், எதை வேறு வழியில் தீர்த்தேன், எதை விட்டேன், ஏன். குறிப்பு இல்லாமல் அனுப்பினால், கருவி முதல் காட்சியில் இல்லை என்பது மட்டும்தான் அவர் கண்ணில் படும்.