காருக்கு இரண்டு நிறுவனங்களில் காப்பீடு வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: சென்ற ஆண்டு நவம்பரில் வங்கிக் கடனில் 1,197 சிசி கார் ஒன்று வாங்கினேன். ஷோரூமிலேயே ஓராண்டு ஓன் டேமேஜும் மூன்றாண்டு தேர்ட் பார்ட்டியும் சேர்ந்த பாலிசி போட்டுக் கொடுத்தார்கள். இதுவரை கிளெய்ம் எதுவும் வாங்கவில்லை. ஓன் டேமேஜ் வரும் 18ஆம் தேதி முடிகிறது. புதுப்பிக்க ஷோரூமில் ரூ.14,750 கேட்கிறார்கள். இணையத்தில் வேறொரு நிறுவனம் ஓன் டேமேஜுக்கு மட்டும் ரூ.9,900 என்கிறது. இரண்டும் இரண்டு நிறுவனங்களில் இருந்தால் பிறகு சிக்கல் வருமா? – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சட்டப்படி எந்தச் சிக்கலும் இல்லை. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டும், புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டும், வெளியாருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாக எடுப்பது கட்டாயமானது. உங்கள் காரின் பழுதுக்கான சொந்த சேதக் காப்பீட்டை, அதாவது ஓன் டேமேஜைத் தனியாக, எந்த நிறுவனத்திடமிருந்தும் வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதியைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரிலிருந்து கொடுத்தது. ஆகவே உங்கள் மூன்றாம் நபர் பாலிசி பழைய நிறுவனத்திலேயே தொடரும்; இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் உங்கள் கையில் இருக்கும் முடிவு சொந்த சேதப் பகுதியைப் பற்றியது மட்டுமே.

அந்த முடிவை ரூ.4,850 வித்தியாசத்தைப் பார்த்து எடுக்க வேண்டாம். நீங்கள் இணைத்து அனுப்பிய இரண்டு மதிப்பீடுகளையும் வரிவரியாகப் படித்தேன். அவை ஒரே பொருளுக்கான இரண்டு விலைகள் அல்ல. ஷோரூம் மதிப்பீட்டில் ஐடிவி, அதாவது கார் திருடுபோனாலோ முழுதாக நொறுங்கினாலோ நிறுவனம் தரும் அதிகபட்சத் தொகை, ரூ.7,40,000. இணைய மதிப்பீட்டில் அது ரூ.6,60,000. குறைந்த விலையின் ஒரு பகுதி இந்த ரூ.80,000-ஐக் குறைத்ததால் வந்தது. ஷோரூம் மதிப்பீட்டில், பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷனுடன் இன்ஜின் பாதுகாப்பு, சாவி மாற்றம், சாலையோர உதவி ஆகிய மூன்றும் ரூ.2,300-க்குச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இணைய மதிப்பீட்டில் ஜீரோ டெப் மட்டுமே இருக்கிறது.

இரண்டையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். இணைய நிறுவனம் ஐடிவியில் 1 சதவீதத்தை, அதாவது ரூ.6,600-ஐ அடிப்படைப் பிரீமியமாகக் கணக்கிட்டு, அதில் கிளெய்ம் வாங்காததற்கான தள்ளுபடியான 20 சதவீத நோ கிளெய்ம் போனஸைக் கழித்து ரூ.5,280 ஆக்கியிருக்கிறது, அத்துடன் ஜீரோ டெப்புக்கு ரூ.3,110, மொத்தத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஐடிவியை ரூ.7,40,000-க்கு உயர்த்தினால் போனஸ் கழித்த பிரீமியம் ரூ.5,920 ஆகும், ஜீரோ டெப்பின் விலை மாறாது என்று வைத்துக்கொண்டால் வரியுடன் ஏறக்குறைய ரூ.10,650 வரும். ஷோரூமில் வரிக்கு முந்தைய தொகை ரூ.12,500. கூடுதல் மூன்றையும் நீக்கினால் ரூ.10,200, வரியுடன் ரூ.12,040-க்கு அருகில். ரூ.4,850 என்று தெரிந்த வித்தியாசம் இப்போது சுமார் ரூ.1,400 ஆகச் சுருங்கிவிட்டது. இந்தத் தாளை ஷோரூமில் காட்டிக் கேளுங்கள். மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசு நிர்ணயிப்பதால் அதில் யாரும் தள்ளுபடி தர முடியாது. சொந்த சேதப் பிரீமியத்தில் தள்ளுபடிக்கு இடம் உண்டு, கேட்பவர்களுக்குக் குறைப்பதும் உண்டு.

விலையைக் குறைப்பதற்காக ஜீரோ டெப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாத பாலிசியில் பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். உலோகப் பாகங்களுக்கு இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம் கழிப்பார்கள். நகரத்து நெரிசலில் கார்கள் பெரும்பாலும் அடிபடுவது பம்பரில்தான். இன்ஜின் பாதுகாப்பு வேண்டுமா என்பது நீங்கள் காரை நிறுத்தும் இடத்தைப் பொறுத்தது. மழைநீர் தேங்கும் தெருவிலோ தரைக்குக் கீழுள்ள நிறுத்துமிடத்திலோ நிறுத்துகிறீர்கள் என்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீக்கலாம்.

இரு தரப்பையும் சமமாக்கிய பிறகும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் நின்றால் பிரிப்பதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் வழக்கமாகக் காரை விடும் ஒர்க்‌ஷாப் புதிய நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்று அந்த ஒர்க்‌ஷாப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லையென்றால் பழுது பார்த்த பில்லை முதலில் நீங்கள் கட்டி, பிறகு திரும்பப் பெற வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்கு முன்னால் இந்த மிச்சம் பெரிதல்ல.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். உங்கள் கார் ஒரு பைக்கில் மோதி, பைக் ஓட்டியவருக்குக் காலில் எலும்பு முறிகிறது, உங்கள் காரின் முன்பக்கமும் நசுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காரின் பழுதுக்கு சர்வேயரை அனுப்ப வேண்டியது புதிய நிறுவனம். காயமடைந்தவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தால் அதை நடத்தி இழப்பீட்டைக் கொடுக்க வேண்டியது பழைய நிறுவனம். பிரித்து வாங்கியவர்கள் தவறுவது இங்கேதான். கார் பழுது பார்க்கப்பட்டுக் கைக்கு வந்ததும் விஷயம் முடிந்ததாக நினைத்து, பழைய நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மாதங்கள் கழித்து சம்மன் வரும்போது அதைப் புதிய நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரே நிறுவனமாக இருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. எனவே வெளியாள் ஒருவருக்குக் காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அன்றே இரண்டு நிறுவனங்களுக்கும் தகவல் கொடுத்து, கிடைக்கும் பதிவு எண்களைக் குறித்து வையுங்கள். இரண்டு பாலிசிகளின் நகலையும் காரிலேயே ஒரே உறையில் வைத்திருங்கள்.

இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, நீங்கள் தேர்ந்தெடுத்தது தனி ஓன் டேமேஜ்தானா, அல்லது இரண்டும் சேர்ந்த காம்ப்ரிஹென்சிவ் பாலிசியா என்பது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அட்டவணையில் 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு ஓராண்டு மூன்றாம் நபர் பிரீமியம் ரூ.3,416, மூன்றாண்டுக்கு ரூ.10,640. மூன்றாண்டுத் தொகையைப் போன ஆண்டே கட்டிவிட்டீர்கள். புதிய மதிப்பீட்டில் ரூ.3,416 போன்ற மூன்றாம் நபர் தொகை ஒன்று தெரிந்தால், ஏற்கெனவே வாங்கிய பாதுகாப்புக்கு வரியுடன் நாலாயிரம் ரூபாய் மறுபடியும் கொடுக்கிறீர்கள் என்று பொருள். உங்கள் இணைய மதிப்பீட்டில் அந்தத் தவறு இல்லை. விண்ணப்பத்தில் பழைய பாலிசியின் எண்ணையும் முடிவுத் தேதியையும் கேட்பார்கள். அவை புதிய பாலிசியில் சரியாக அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாவது, உரிமையாளர்-ஓட்டுநருக்கான ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு. ஷோரூமில் இதை ஓராண்டுக்கும் போடுவார்கள், மூன்றாண்டுக்கும் போடுவார்கள். உங்களுடையது எது என்று பழைய பாலிசியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓராண்டுதான் என்றால் அதுவும் 18ஆம் தேதியோடு முடிகிறது. தனி ஓன் டேமேஜ் மதிப்பீட்டில் அது தானாக வராது, சில நூறு ரூபாய்க்கு நீங்களே சேர்க்க வேண்டும்.

தேதியைப் பற்றி நான் கவலையோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கார் மூழ்கிய ஒருவர் பாலிசியுடன் என்னிடம் வந்தார். மூன்றாம் நபர் பகுதி 2025 வரை செல்லுபடியாகும் என்று முதல் பக்கத்தில் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறார். சொந்த சேதப் பகுதி நான்கு மாதங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. வெள்ளத்தில் போன இன்ஜினுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஒரு ரூபாயும் தராது. சாலையில் காவலர் சோதித்தாலும் மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் போதும் என்பதால் மற்றது முடிந்துபோனதை எடுத்துச் சொல்ல வழியில் யாரும் இல்லை. உங்கள் விஷயத்தில் கார் வங்கியின் பேரில் அடமானத்தில் இருப்பதால், கடன் ஒப்பந்தமும் முழுக் காப்பீட்டைத் தொடர்ந்து வைத்திருக்கச் சொல்லும். 18ஆம் தேதியைத் தாண்டினால் புதிய நிறுவனம் காரைப் பரிசோதித்த பிறகே பாலிசி தரும். 90 நாள் கடந்தால் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். அந்த போனஸ் இந்த ஆண்டு 20, அடுத்த ஆண்டு 25 என்று ஏறி 50 சதவீதம் வரை செல்லும். நிறுவனம் மாறினாலும் உங்களோடு வரும். அது சொந்த சேதப் பிரீமியத்துக்கு மட்டுமே உரியது என்பதால், அதைக் காப்பாற்றுவதும் இந்தப் பகுதியை இடைவெளி விடாமல் புதுப்பிப்பதும் ஒன்றுதான்.

இடையில் காரை விற்க நேர்ந்தால், வாங்குபவர் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் இரண்டு நிறுவனங்களுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். மூன்றாம் நபர் பாதுகாப்பு சட்டப்படி அவருக்குத் தானே மாறியதாகக் கருதப்படும். சொந்த சேதப் பாதுகாப்பு அப்படி மாறாது.

மூன்றாண்டு முடியும்போது கணக்கு வேறு. அப்போது மூன்றாம் நபர் பகுதியையும் புதிதாக வாங்க வேண்டும். அதன் விலை எல்லா நிறுவனங்களிலும் ஒன்றே. ஆகவே சொந்த சேதத்துக்கு நல்ல விலை தரும் நிறுவனத்திடமே இரண்டையும் ஒரே பாலிசியாக வாங்கிவிடுங்கள். அந்தக் கட்டத்தில் பிரித்து வைப்பதால் மிச்சம் எதுவும் இல்லை. இரண்டு அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதும் வேலைதான் மிஞ்சும். அதுவரை இரண்டின் முடிவுத் தேதியும் ஒரே நாளில் விழும்படி பார்த்துக்கொள்வது நல்லது. இந்த முறை பத்து நாள் தாமதித்துத் தொடங்கினால் கடைசி ஆண்டில் சொந்த சேதப் பாலிசி மூன்றாம் நபர் பாலிசியைத் தாண்டி நிற்கும்; முன்னதாக முடியும் மூன்றாம் நபர் பாலிசியை மறந்துவிட்டால் காரைச் சாலையில் எடுப்பதே குற்றமாகிவிடும். ஷோரூமுக்கு இந்த வாரமே போய்க் கேளுங்கள், ரூ.11,000-க்குள் தர ஒப்புக்கொண்டால் அங்கேயே புதுப்பியுங்கள், மறுத்தால் ஐடிவியை ரூ.7,40,000-க்கு உயர்த்தி இணைய நிறுவனத்திடம் 17ஆம் தேதிக்குள் பணம் கட்டிவிடுங்கள்.