தாமத டெலிவரியை மறுக்கும் மின்னஞ்சல்: டோயிக் எழுத்துத் தேர்வுக்கு

கேள்வி: டோயிக் எழுத்துத் தேர்வில், சப்ளையர் தள்ளிப்போட்ட தேதியை மரியாதையாக மறுத்து வேறு தேதி கேட்பது எப்படி?

பதில்: மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும் கேள்விகள் இத்தேர்வில் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம். ஒரு காரணமும் இரண்டு கோரிக்கைகளும் எழுதுக என்பதுபோல் குறிப்பில் எண்ணிக்கை இருக்கும். அதில் ஒன்று விடுபட்டாலும், ஆங்கிலம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், முழு மதிப்பெண் கிடைக்காது.

மார்ச் 12 அன்று வரவேண்டிய 40 நாற்காலிகள் மார்ச் 26 அன்றுதான் வரும் என்று சப்ளையர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே தெரிவித்ததற்கு ஒரு வரியில் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே 'அன்ஃபார்ச்சுனேட்லி, வீ ஆர் அனேபிள் டு அக்செப்ட் திஸ் டேட்' என்று மறுத்துவிடுங்கள். பலர் இங்கே 'சற்றுச் சிரமமாக இருக்கும்' என்று மென்மையாக எழுதிவிடுகிறார்கள். அதைச் சப்ளையர் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், மறுப்பு தெளிவாகவும் மரியாதை அதைச் சுற்றியுள்ள சொற்களிலும் இருக்கட்டும்.

காரணம் ஒன்று போதும்: மார்ச் 18 அன்று புதிய பயிற்சி அறை திறக்கப்படுகிறது. அதிலிருந்தே கோரிக்கையும் பிறக்கிறது: 'குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் எ ரிவைஸ்டு டெலிவரி டேட், நோ லேட்டர் தேன் மார்ச் 16?' வெறுமனே 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' என்றால் எந்த நாளும் அதற்குள் அடங்கிவிடும். இரண்டாம் கோரிக்கையாக, முதலில் 20 நாற்காலிகளை மட்டுமாவது அனுப்ப இயலுமா என்று கேட்கலாம்.

நம் அலுவலகங்களில் ஊறிப்போன 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' மட்டும் வேண்டாம். எதைச் செய்ய வேண்டும் என்பதையே அது சொல்வதில்லை.