பிடிக்காத பெயருக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்

கேள்வி: காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறோம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் இதுவரை கேனில் விற்றோம். இனி பாட்டிலில் அடைத்து கோவை, சென்னைக் கடைகளுக்குக் கொடுக்கப் போகிறோம். பெயர் வைத்துத் தரும் ஆலோசகர் ஒருவர், "யாருக்கு விற்கிறீர்கள், பெயர் எப்படி இருக்க வேண்டும், பிடிக்காத பெயர்கள் எவை, எல்லாம் எழுதி அனுப்புங்கள்" என்றார். இரண்டு பக்கம் எழுதினேன். பிடிக்காதவை என்று மண்வாசனை, பாட்டி செக்கு, நேச்சுரல் கோல்ட், ஆயிலோ நான்கையும் போட்டேன். படித்துப் பார்த்த என் மகள், "இதில் ஒன்றுமே இல்லையேப்பா" என்கிறாள். என்ன விட்டுப்போச்சு?

பதில்: அந்த நான்கு பெயர்களிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் குறிப்பிலேயே அதிகம் பயன்படக்கூடிய பகுதி அதுதான். ஆனால் காரணம் இல்லாமல் வெறும் பெயரை மட்டும் எழுதினால், ஆலோசகர் அந்த நான்கை மட்டும் தவிர்த்துவிட்டு அவற்றின் அண்ணன் தம்பிகளை எல்லாம் கொண்டுவந்து நிறுத்துவார்.

பாட்டி செக்கு ஏன் பிடிக்கவில்லை? பாட்டி என்ற சொல்லா, செக்கு என்ற சொல்லா? பாட்டிதான் உறுத்துகிறது என்றால், "பழைய உறவுமுறையைச் சொல்லி உருக வைக்கும் பெயர் வேண்டாம்" என்று எழுதுங்கள். அப்படி எழுதாவிட்டால் அடுத்த பட்டியலில் அப்பத்தாவும் அப்பிச்சியும் வந்து நிற்பார்கள். செக்குதான் பிரச்சினை என்றால் அது முற்றிலும் வேறு திசை. "நாளைக்கு நாட்டுச்சர்க்கரையும் விற்போம், எண்ணெயோடு கட்டிப்போடும் சொல் வேண்டாம்" என்பது ஆலோசகர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

மண்வாசனையும் அப்படித்தான். எல்லாரும் வைத்துவிட்ட பெயர் என்று தோன்றலாம். எண்ணெயில் மண் வாசம் அடித்தால் யார் வாங்குவார் என்றும் தோன்றலாம். முதல் காரணம் தேய்ந்த சொற்களை விலக்கச் சொல்கிறது. இரண்டாவது, மூக்குக்கும் நாக்குக்கும் பொருந்தாத படிமத்தை விலக்கச் சொல்கிறது. ஆயிலோவில் உங்களுக்கு ஆகாதது ஆங்கிலச் சொல்லுக்கு வால் ஒட்டியதா, அகராதியில் இல்லாத புதுச்சொல்லே ஆகாதா? இரண்டாவது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். வணிகச்சின்னமாகப் பதிவு செய்வதற்கு எளிதான வகையையே மூடிவிடுகிறீர்கள்.

நேச்சுரல் கோல்ட் பிடிக்காமல் போனது நல்லதே. நேச்சுரல், ப்யூர், ட்ரெடிஷனல் போன்ற சொல் பெயரில் இருந்து, அது வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கக்கூடும் என்றால், "இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் தன்மையைக் குறிப்பதல்ல" என்ற பொருளில் ஒரு வாசகத்தை 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் லேபிளில் போட வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறை அது. சுத்தமான எண்ணெய் என்று சொல்ல வந்து, அதே லேபிளில் அதை மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, வாடிக்கையாளர் பகுதிக்கு வருவோம். "ஆரோக்கியத்தில் அக்கறையுள்ள நடுத்தரக் குடும்பங்கள்" என்பது மாதிரி எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது எல்லா எண்ணெய்க்கும் பொருந்தும். அதற்குப் பதில், வாங்குகிற அந்த ஒரு நிமிஷத்தை எழுதுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

"கோவையில் இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு. இதுவரை ரீஃபைன்ட் எண்ணெய் வாங்கியவர்கள், விலை கூடினாலும் பரவாயில்லை என்று மாறுகிறார்கள். முதல் பாட்டிலை அக்கம்பக்கத்தார் சொல்லி வாங்குவார்கள். கடையில் பெயர் சொல்லித்தான் கேட்பார்கள், அலமாரியில் தேடி எடுக்க மாட்டார்கள். இரண்டாவது முறை போனில் ஆர்டர் போடுவார்கள்."

இந்த ஐந்தாறு வரியில் ஆலோசகருக்கு நிறைய கிடைக்கிறது. பெயரை வாயால் சொல்லிக் கேட்கிறார்கள், ஆகவே கடைக்காரர் காதில் ஒரே தடவையில் விழ வேண்டும். போனில் தட்டுகிறார்கள், ஆகவே ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரிதான் எழுத வர வேண்டும். செக்கு என்பதையே ஒருவர் chekku என்பார், இன்னொருவர் sekku என்பார். ழகரம் இருந்தால் zh, l என்று பிரிந்துவிடும். ழகரம் அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் தேடுகிற ஆள் நம் பாட்டிலைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம் என்று தெரிந்தே வைக்க வேண்டும்.

தொனியை "பாரம்பரியமும் நவீனமும் கலந்து" என்று எழுதாதீர்கள். பெயர் ஒரு மனிதராக வந்து பேசினால் யார் மாதிரி பேச வேண்டும் என்று சொல்லுங்கள். சந்தையில் பேரம் பேசாமல் சரியான எடை போடும் அண்ணாச்சி மாதிரியா, அளவு சொல்லிக் கொடுக்கும் டயட்டீஷியன் மாதிரியா? ஒன்றைச் சொல்லி, எது மாதிரி இருக்கக் கூடாது என்பதையும் பக்கத்தில் எழுதினால் போதும்.

கட்டுப்பாடுகளில் முதலில் வருவது வணிகச்சின்னப் பதிவு. 1999-ம் ஆண்டு வணிகச்சின்னச் சட்டத்தின் 9-வது பிரிவு, பொருளின் வகை, தரம், விளையும் ஊர் இவற்றை மட்டுமே சொல்லும் சொற்களைப் பொதுவாகப் பதிவுக்கு ஏற்பதில்லை. "காங்கேயம் செக்கு எண்ணெய்" என்று மட்டும் வைத்தால், பக்கத்து ஊர்க்காரரும் அதையே போடும்போது தடுப்பது கஷ்டம். அப்புறம், பதிவில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: சமையல் எண்ணெய் 29-வது வகுப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 3-வது வகுப்பு. தேங்காய் எண்ணெயைக் கூந்தல் எண்ணெயாகவும் விற்கும் எண்ணம் இருந்தால், இரண்டு வகுப்பிலும் பெயர் காலியாக இருக்க வேண்டும் என்று குறிப்பிலேயே எழுதுங்கள். சிறு நிறுவனத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், ஆகவே இரண்டுக்கு 9,000. பதிவேட்டில் முதல் தேடலை ஆலோசகர் செய்வாரா, உங்கள் வக்கீல் செய்வாரா என்பதையும் தெளிவாக்குங்கள். எழுத்து மட்டுமல்ல, ஒலி ஒத்துப்போகிறதா என்றும் தேட வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாட்டை யாரும் எழுத மாட்டார்கள்: எண்கணித ஜோசியம். மசாலாப் பொடி செய்யும் ஒரு குடும்பத்துக்குப் பெயர் தேடிக் கொடுத்தேன். ஐந்து எழுத்து, எல்லாருக்கும் பிடித்தது, தேடலிலும் இடிக்கவில்லை. லேபிள் அச்சுக்குப் போகும் நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஜோசியரிடம் காட்டினார். ஆங்கில எழுத்தில் நடுவே ஒரு a, கடைசியில் ஒரு h சேர்ந்தது. படிக்கிறவர் வாயில் அது வேறு பெயராகிவிட்டது, தேடலையும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அவர் நம்பிக்கையில் தப்பே இல்லை, எனக்கு முதல் நாளே தெரியாததுதான் தப்பாகிவிட்டது. உங்கள் வீட்டில் பார்ப்பீர்கள் என்றால், எந்தக் கூட்டு எண் வேண்டும், யார் பார்ப்பார் என்று எழுதிவிடுங்கள். கடைசிப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எண்ணைச் சரிபார்த்துத்தான் ஆலோசகர் கொடுப்பார்.

கடைசி முடிவு யாருடையது என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள். உங்கள் மனைவி, மகள், செக்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பி என்று முடிவில் பங்குள்ள ஒவ்வொருவரும் பிடிக்காத பெயர் மூன்றும் காரணமும் தனித்தனியாக எழுதட்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல். பிறகு சேர்த்து வைத்துப் பாருங்கள். உங்களுக்கு ஆகாத பாட்டி செக்கு உங்கள் தம்பிக்குப் பிடித்த பெயராக இருந்தால், அந்தப் பேச்சை ஆலோசகருக்கு அனுப்பும் முன்பே வீட்டில் முடித்துவிடலாம்.