களப்பணிக்குப் போகும் முன் கணக்குப் போடுங்கள்: பயணப்படி பற்றி ஐந்து கேள்விகள்

பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் பயணப்படி பில்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஆய்வு மாணவர்கள் கைக்காசை இழப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். பெரும்பாலும் அது தவறான செலவால் வருவதில்லை, பட்ஜெட் எழுதும்போது செலவைத் தவறான தலைப்பில் போட்டதால் வருகிறது. இங்கே நான் சொல்வதெல்லாம் மத்திய அரசின் 2017 ஜூலை ஆணைப்படி. மத்தியப் பல்கலைக்கழகங்களும் மத்திய நிதியில் நடக்கும் பல திட்டங்களும் இதைத்தான் பின்பற்றுகின்றன. மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் உங்கள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், தொகைகள் வேறு.

கொல்லிமலைக்கு ஆறு நாள் களப்பணி. தினப்படி 800 ரூபாய் வீதம் 4,800 என்று எழுதினேன். 4,000 தான் வரும் என்கிறார்கள். ஏன்? (ஆய்வு மாணவி, புதுச்சேரி)

800 ரூபாய் என்பது ஊதிய நிலை 6 முதல் 8 வரை உள்ளவர்களுக்கான உணவுத் தொகை. உங்களை எந்த நிலைக்கு இணையாக வைப்பது என்பது நிறுவனத்தின் முடிவு. அதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

நாளைக் கணக்கிடும் முறையில்தான் உங்கள் 800 ரூபாய் போனது. ஒரு நாள் என்பது நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை. அந்த நாளில் தலைமையிடத்தை, அதாவது நீங்கள் வேலை செய்யும் ஊரை விட்டு ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக வெளியே இருந்தால் 30 சதவீதம், ஆறிலிருந்து பன்னிரண்டு மணி வரை 70 சதவீதம், அதற்கு மேல் முழுத்தொகை.

நீங்கள் திங்கள் இரவு 9 மணிக்குக் கிளம்பியிருக்கிறீர்கள். அன்று மூன்று மணி நேரம்தான் ஆகிறது, ஆக 240 ரூபாய். செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு முழு நாள், 3,200. சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஊர் திரும்பியதால் அன்றைக்குப் பத்து மணி நேரம், 560. கூட்டினால் சரியாக 4,000. கணக்குப் பிரிவு உங்களை ஏமாற்றவில்லை.

இந்தத் தொகைக்குச் சாப்பாட்டு பில் ஒன்றுகூட வைக்க வேண்டாம். ஆனால் கிளம்பிய நேரமும் திரும்பிய நேரமும் பயண அறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டும். தேதியை மட்டும் எழுதி, நேரத்தை விட்டுவிட்டு வரும் பில்கள்தான் எங்கள் மேசையில் அதிகம் திரும்பிப் போகின்றன. இன்னொன்று, அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போது உணவு, தங்குமிடம், உள்ளூர்ப் பயணம், கிலோமீட்டர் தொகைகள் எல்லாம் 25 சதவீதம் கூடும் என்று அந்த ஆணையிலேயே இருக்கிறது. அகவிலைப்படி 2024 ஜனவரியில் 50 சதவீதத்தைத் தொட்டது. உங்கள் அலுவலகம் எந்தத் தொகையை எடுத்துக்கொள்கிறது என்று பட்ஜெட் எழுதும் முன்பே கேளுங்கள்.

அதே பயணத்தில் தங்குவதற்கு எத்தனை நாள் எழுதுவது? லாட்ஜ் இல்லாத கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கினால் பில்லுக்கு எங்கே போவது?

இரண்டு இரவு பேருந்தில் போகிறது. மிச்சம் மூன்று இரவுதான். இந்த நிலைக்கு ஒரு நாள் உச்சவரம்பு 750 ரூபாய், ஆக 2,250. ஆனால் கொல்லிமலையின் முக்கிய ஊரான செம்மேட்டில் செவ்வாய்க் காலை ஆறு மணிக்கு அறை எடுத்தால், 24 மணி நேரக் கணக்கு வைக்கும் லாட்ஜில் வெள்ளிக் காலை ஆறு மணிக்கே மூன்று நாள் முடிந்துவிடும். வெள்ளி மாலை வரை அறை வேண்டுமென்றால் நான்காவது நாள் வாடகை கேட்பார்கள். அதனால் பட்ஜெட்டில் நான்கு நாள், 3,000 ரூபாய் என்று போட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

வீட்டில் தங்கினால் பயப்பட வேண்டாம். நிலை 8 வரை உள்ளவர்கள் உச்சவரம்புக்குள் ரசீது இல்லாமலேயே சுயசான்று கொடுத்துப் பெறலாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த இடத்தில் தங்கினீர்கள் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். கொடுத்த தொகையை மட்டும் எழுதுங்கள். 300 கொடுத்துவிட்டு வரம்பு 750 இருக்கிறதே என்று 750 எழுதுவது பொய்ச்சான்று.

தமிழ்நாட்டில் சென்னையில் மட்டும் இது மாறும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வேலை இருந்து நகரத்தில் தங்கினால், இதே நிலையினருக்கு வரம்பு 1,000 ரூபாய். ஆனால் அங்கே ரசீது கட்டாயம்.

உள்ளூர்ப் பயணத்துக்கு நாளுக்கு 225 ரூபாய் என்று இருக்கிறது. மலைக்கிராமங்களுக்கு ஜீப் 1,800 கேட்கிறார்கள். மீதியை யார் தருவது?

அடிக்கடி வரும் கேள்வி இது. இதில்தான் நிறையப் பேர் ஆயிரக்கணக்கில் இழக்கிறார்கள்.

அந்த 225 ரூபாய், போன ஊருக்குள்ளேயே சுற்றுவதற்கான டாக்சிக் கட்டணம். செம்மேட்டிலிருந்து வேறு கிராமத்துக்குப் போவது ஊருக்குள் சுற்றுவது ஆகாது. அது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சாலைப் பயணம். மாநிலப் போக்குவரத்துத் துறை கட்டணம் நிர்ணயிக்காத இடங்களில் இதற்கு டாக்சி அல்லது சொந்தக் கார் என்றால் கிலோமீட்டருக்கு 24 ரூபாய், ஆட்டோ அல்லது ஸ்கூட்டர் என்றால் 12 ரூபாய். பில்லில் "உள்ளூர்ப் பயணம்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும், 225க்கு வெட்டிவிடுவார்கள். "செம்மேடு முதல் இன்ன கிராமம் வரை, இத்தனை கிலோமீட்டர், வண்டி எண் இன்னது" என்று எழுத வேண்டும்.

சரி, போகவர 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 24 வீதம் 1,080 தான் வருகிறது, இன்னும் 720 இடிக்கிறது. நான்கு நாளுக்கு 2,880. ஜீப்காரர் தூரத்துக்கு மட்டும் கேட்பதில்லை, நீங்கள் பேட்டி எடுத்து முடிக்கும் வரை காத்திருப்பதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறார். இந்தக் காத்திருப்புக்குப் பயணப்படி விதியில் இடமில்லை. அதனால் நாள் வாடகையைப் பயணப்படியில் கொண்டுவராமல், திட்டத்தின் களப்பணித் தலைப்பில் "வண்டி வாடகை" என்று தனி வரியாகப் போட்டு, விலைப்புள்ளியோடு முன்னனுமதி வாங்குங்கள். சமூக அறிவியல் ஆய்வுகளுக்கு நிதி தரும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். திட்டங்களில் களப்பணிக்கு என்றே தலைப்பு இருக்கிறது. போய்வந்த பிறகு அனுமதி கேட்டால் திட்டப் பொறுப்பாளர் விரும்பினாலும் கொடுக்க முடியாமல் போகும். ஒரே நாளுக்கு இரண்டு தலைப்பிலும் கேட்கக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள்.

வண்டி போகாத இடத்துக்கு நடந்து போனால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் கூடுதலாக உண்டு. விதியில் இருக்கிறது, யாரும் கேட்பதே இல்லை. கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கூட வந்து வழிகாட்டிய ஊர்க்காரருக்குக் கொடுத்த கூலியைத் தினப்படியில் சேர்க்கலாமா?

கூடாது. தினப்படி உங்களுக்கானது. அவருடைய கூலி களப்பணி அல்லது சில்லறைச் செலவுத் தலைப்பில் போகும். பெயர், தேதி, தொகை, கையெழுத்து அல்லது கைரேகையோடு ஒரு ரசீது அன்றைக்கே வாங்கிவிடுங்கள். ஊருக்குத் திரும்பிவிட்டு அந்தக் கையெழுத்துக்காக மறுபடி மலையேற முடியாது.

அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். ஆய்வறிக்கை வேலையில் பில் தள்ளிப் போகிறது. எவ்வளவு நாள் அவகாசம்?

அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திரும்பிய 15 நாளுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். வாங்காவிட்டால் பயணம் முடிந்த தேதியிலிருந்து 60 நாள். முன்பு ஒரு வருடம் இருந்தது, 2018 மார்ச்சில் குறைத்துவிட்டார்கள். பழைய சீனியர்கள் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். அப்புறம், பேருந்து டிக்கெட்டில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். வாங்கியவுடன் போனில் படம் எடுத்து, அன்று இரவே ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள்.