18 நிமிடப் படம், 20,000 ரூபாய்: எந்த விழாவுக்கு அனுப்புவது?

"18 நிமிடத்தில் ஒரு தமிழ்க் குறும்படம் முடித்துவிட்டேன். விழாக்களுக்கென ஒதுக்கியிருப்பது 20,000 ரூபாய். பிலிம்ஃப்ரீவே தளத்தில் ஆயிரக்கணக்கான விழாக்கள் வரிசையாக வருகின்றன. எதற்கு அனுப்புவது? அதற்குள் யூடியூபில் போடலாமா?"

யூடியூபில் இப்போதைக்குப் போடாதீர்கள். பெர்லின் விழாவின் குறும்படப் பிரிவு போன்ற இடங்களில் இணையத்தில் வெளியான படத்துக்கு அனுமதி இல்லை. 'சர்வதேச முதல் திரையிடல்' கேட்கும் விழாவுக்கு முன்னால் சென்னையில் திரையிட்டால் பாதகமில்லை. சொந்த நாட்டில் காட்டியது அதில் கணக்கில் வராது. ஆனால் லண்டனில் ஒரு சிறிய விழாவில் ஒரே ஒரு முறை ஓடினாலும் அந்தத் தகுதி போய்விடும். அதனால் முதல் திரையிடல் கேட்கும் விழாக்களுக்கு முதலில் அனுப்பிவிட்டு, அவற்றின் பதில் வந்த பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.

அடுத்தது நீளம். கான் விழாவின் குறும்படப் போட்டியில் படம் டைட்டில்கள் உட்பட 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. இப்போதைய நீளத்தில் உங்கள் படத்துக்கு அந்தக் கதவு அடைத்தாயிற்று. பெர்லினில் 30 நிமிடம் வரை அனுமதி. பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரோன் குறும்படங்களுக்கென்றே நடக்கும் பெரிய விழா. அதற்கு ஷார்ட்ஃபிலிம்டிப்போ தளம் வழியாக அனுப்ப வேண்டும், ஆகும் செலவும் சிறியது. கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவான ஐ.டி.எஸ்.எஃப்.எஃப்.கே.வையும் பெங்களூரு சர்வதேசக் குறும்பட விழாவையும் பட்டியலில் வையுங்கள்.

நீளம் விதிமுறையோடு முடிவதில்லை. விழாவில் ஒரு குறும்படத் தொகுப்பு ஏறக்குறைய 90 நிமிடம் ஓடும். உங்கள் படம் அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதே நேரத்தில் ஒன்பது நிமிடப் படங்கள் இரண்டைப் போட்டுவிடலாம் என்றுதான் தேர்வுக் குழு யோசிக்கும். கதை தாங்குமென்றால் மூன்று நிமிடம் குறைப்பது பத்து விழாவுக்குப் பணம் கட்டுவதைவிட அதிகம் உதவும். முக்கியமாக, கடைசி இரண்டு நிமிட நன்றி அட்டைகளைச் சுருக்குங்கள்.

பணக் கணக்கு இப்படி. 20,000-இல் 7,000-ஐ முதலிலேயே எடுத்து ஓரமாக வையுங்கள். தேர்வான பிறகு டிசிபி எனப்படும் திரையரங்குக் கோப்பும் அதைத் திரையில் போட்டுச் சரிபார்ப்பதும் வரும். DCP-o-matic என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பை நீங்களே செய்யலாம். ஆனால் ஒரு திரையரங்கில் ஓட்டிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். 25 ஃபிரேமில் எடுத்த படம் 24-க்கு மாறும்போது ஒலியும் உதடும் விலகுவது அங்கேதான் தெரியும்.

மீதி 13,000. 30 டாலர் கட்டணம் என்றால், வங்கி பிடிக்கும் அயல்நாட்டுப் பரிவர்த்தனைத் தொகையும் சேர்ந்து சுமார் 2,700 ரூபாய். அப்படி நான்கு விழாவுக்கு 10,800. மிஞ்சும் 2,200 உள்நாட்டு விழாக்களுக்கு. எப்போதும் முதல் கெடுவுக்குள் கட்டுங்கள். கடைசிக் கெடுவில் கட்டணமும் கூடும், அதற்குள் பல இடங்கள் மனதளவில் நிரம்பியும் இருக்கும். ஒரே விழாவில் மூன்று பிரிவுகளுக்குத் தனித்தனியாகக் கட்டச் சொன்னால் ஒன்றோடு நிறுத்துங்கள். கட்டண விலக்குக் கேட்டு மின்னஞ்சல் எழுதுவதில் கூச்சம் வேண்டாம். கட்டுவதற்கு முன் கேட்கவேண்டும், கட்டிய பணம் திரும்பாது.

மாதந்தோறும் விருது தரும் 'விழாக்கள்' பலவற்றுக்குத் திரையே கிடையாது. கண்டுபிடிக்க ஒரு வழி: போன ஆண்டு நிகழ்ச்சி நிரலைத் தேடுங்கள். எந்த அரங்கு, எத்தனை மணி, எந்தப் படத்தோடு எந்தப் படம் என்று இருக்கிறதா? விருதுப் பட்டியல் மட்டும் நீளமாக இருந்து, ஜெயித்த பிறகு கோப்பைக்குத் தனி விலை கேட்டால் விலகிவிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் அங்கே தேர்வான ஓர் இயக்குநருக்கு எழுதி, படத்தை எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

அனுப்பும் பொருட்களில் பலரும் கோட்டைவிடுவது சப்டைட்டிலில். தேர்வுக்கான பிரதியில் ஆங்கில வரிகள் படத்தோடு பதிந்தே இருக்கட்டும், தனியாக எஸ்.ஆர்.டி. கோப்பும், வரியே இல்லாத ஒரு பிரதியும் கைவசம் வேண்டும். பிரெஞ்சு விழா தன் மொழியில் வரி போட அந்த வரியில்லாப் பிரதி தேவைப்படும். 'மச்சான்', 'தங்கச்சி' போன்றவற்றை நேராகப் பெயர்க்காமல், தமிழ் தெரியாத ஒருவரிடம் காட்டி எங்கே முழிக்கிறார் என்று பாருங்கள். கேமராவில் எடுத்த ஸ்டில்கள் மூன்று, எழுத்து எதுவும் இல்லாமல், படுக்கை வாக்கில் போதும். கதைச்சுருக்கம் ஐம்பது, அறுபது சொற்களில்.

பின்னணியில் டீக்கடை ரேடியோவில் ஒலிக்கும் சினிமாப் பாட்டுக்கும் உரிமை வேண்டும். தேர்வானபின் கையெழுத்திடும் உறுதிமொழியில் அது உங்கள் பொறுப்பாகிவிடும், இப்போதே மாற்றிவிடுங்கள். தேர்வுக் குழு படம் பார்க்க நீங்கள் கொடுத்த விமியோ இணைப்பின் கடவுச்சொல்லைக் கடைசி விழாவின் பதில் வரும்வரை மாற்றாதீர்கள்.